அதே 1.8 மில்லி, ஐந்து மடங்கு மருந்து

அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்து நம் ஊர்க் கடைகளில் 100 மி.கி., 250 மி.கி., 500 மி.கி. என்று மூன்று அளவுகளில் வருகிறது. மூன்றுமே விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள்தான். வார்டில் வயல் என்போம். மூன்றிலும் இருக்கும் திரவம் 2 மி.லி. மட்டுமே. மருந்து கூடக்கூடத் திரவம் கூடுவதில்லை, அடர்த்திதான் கூடுகிறது. சிரிஞ்சில் இழுத்த பிறகு எது எந்த வயலிலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

நான் மருந்தாளுநர். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், பெயர் இங்கே தேவையில்லை. மேலே சொன்னதைப் படித்த காலத்திலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறேன். அது ஒரு குழந்தையின் கட்டிலருகே என்ன செய்யும் என்பது, ஒரு நைட் டியூட்டி முடிந்த காலையில்தான் உறைத்தது.

ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. காய்ச்சலோடு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததில் குழந்தை துவண்டிருந்தது. சிறுநீர்த் தொற்று. எடை 6 கிலோ. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியது, அமிகாசின் 90 மி.கி., நாளுக்கு ஒரு தடவை. கிலோவுக்கு 15 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. ஆறு பதினைந்து தொண்ணூறு. இதில் ஒரு பிழையும் இல்லை.

முதல் நாள் ஃபார்மசி 100 மி.கி. வயலைக் கொடுத்தது. ஒரு மில்லியில் 50 மி.கி. என்றால் 90 மி.கி.க்கு 1.8 மில்லி. இரண்டு சிஸ்டர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒத்துப்போனதும், சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர், அடுத்த ஷிப்டுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, ஒரு துண்டு பிளாஸ்டரில் ‘அமிகாசின் 1.8 மிலி, இரவு 10’ என்று எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டினார். நல்ல மனசோடு செய்த காரியம். இந்தக் கதையின் பாதி அந்தப் பிளாஸ்டரில் இருக்கிறது.

இரண்டாம் நாளும் அதே வயல், அதே 1.8. மூன்றாம் நாள் ஃபார்மசியில் 100 மி.கி. தீர்ந்துவிட்டது. வார்டிலிருந்து போன இன்டென்ட் சீட்டில் ‘அமிகாசின் வயல் – 2’ என்று மட்டும் இருந்தது, எத்தனை மி.கி. என்று இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் கையில் இருந்த 500 மி.கி. வயல் இரண்டைக் கொடுத்து அனுப்பினார். கேட்டது அமிகாசின், கொடுத்ததும் அமிகாசின். அவர் அளவிலும் பிழை இல்லை.

இரவு பத்து மணி. வார்டில் இருபத்திரண்டு குழந்தைகள், இரண்டு சிஸ்டர்கள். ஒருவர் அடுத்த அறையில், வலிப்போடு வந்த குழந்தைக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் ட்ரேயோடு இந்தக் கட்டிலுக்கு வந்து, பிளாஸ்டரைப் பார்த்து, வயலை உடைத்து 1.8 மில்லி இழுத்தார். வயலின் அடியில் சொட்டுப் போல 0.2 மில்லி மீதி நின்றது. முந்தின இரண்டு நாளும் அதே அளவுதான் மீதி நின்றது. வழக்கத்துக்கு மாறாக எதுவுமே கண்ணில் படவில்லை.

அந்தச் சிரிஞ்சில் இருந்தது 90 மி.கி. அல்ல, 450. கிலோவுக்கு 75 மி.கி.

அப்போதுதான் குழந்தையின் அம்மா கேட்டார். “சிஸ்டர், நேத்து பச்சை மூடிங்களே. இன்னைக்கு செவப்பா இருக்குது, மருந்து மாத்திட்டாங்களா?”

அவருக்கு வயலில் உள்ள ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. அதனால்தான் மூடியின் நிறத்தை அடையாளமாக வைத்திருந்தார். படிக்கத் தெரிந்த நாம் பெயரைப் படித்ததும் நிறுத்திவிடுகிறோம். (மூடி நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அன்றைக்கு வேலை செய்தது, இன்றைக்கு என்பது நேற்றுபோல் இல்லை என்ற உறுத்தல் மட்டுமே.) சிஸ்டர் குப்பையில் போட்ட வயலைத் திரும்ப எடுத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். 500 மி.கி./2 மி.லி. என்று இருந்தது. சிரிஞ்சைத் தனியே வைத்துவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். சரியான அளவு 0.36 மில்லி. அதை 2 மில்லி சிரிஞ்சில் நம்பி அளக்க முடியாது, நூறில் ஒரு பங்கு கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்சு வேண்டும். தேடி எடுத்து, இரண்டு பேர் பார்த்து, பத்தே முக்காலுக்கு மருந்து ஏறியது.

இதைத்தான் மருத்துவமனைகளில் நியர் மிஸ் என்கிறோம். தவறு நடந்துவிட்டது, ஆனால் நோயாளியைத் தொடவில்லை. மருந்துப் பிழைகளை ஏ முதல் ஐ வரை ஒன்பது படிகளாகப் பிரிக்கும் அமெரிக்க அட்டவணை ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஐ என்றால் மரணம். இது பி.

இந்த மருந்தில் மட்டும் பி படியை விட்டால் பிழையைப் பார்க்க வேறு இடமே இல்லை. அமிகாசின் அதிகமானால் அடிபடுவது சிறுநீரகமும் உள்காதும். சிறுநீரகப் பாதிப்பு ரத்தப் பரிசோதனையில் தெரியச் சில நாளாகும், அதுவும் பார்த்தால்தான். காது கேட்காமல் போனால் பெரும்பாலும் திரும்பாது. ஐந்து மாதக் குழந்தை ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லாது. அன்றைய 450 மி.கி. உள்ளே போயிருந்தால் காலையில் குழந்தை பால் குடித்திருக்கும், காய்ச்சலும் இறங்கியிருக்கலாம், டிஸ்சார்ஜ் ஆகி மலை ஏறியிருக்கும். ஒன்றரை வயதில் ஏன் இன்னும் பேச்சு வரவில்லை என்று யாராவது கேட்கும்போது, இந்தப் பத்து மணி யார் நினைவிலும் இருக்காது. கேஸ் ஷீட்டில் 90 மி.கி. கொடுத்ததாகத்தான் எழுதியிருக்கும். பெரியவர்கள் வார்டில் பல தவறுகள் நோயாளியின் வாயாலேயே வெளிவந்துவிடும். இங்கே பிழை தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒரே தருணம், அது குழந்தையைத் தொடாமல் தவறிப்போகும் தருணம்தான்.

எங்கள் மருத்துவமனையில் அதற்கு முந்தைய ஆறு மாதம் நியர் மிஸ் பதிவேடு காலி. மாதாமாதம் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச்., நியர் மிஸ்ஸையும் பதிவு செய்து ஆராயச் சொல்கிறது. அதனால் ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில் மட்டும் நான்கைந்து பதிவுகள் திடீரென்று முளைக்கும், எல்லாம் ஒரே பேனாவில். இருபது கட்டிலுக்கு மேல் உள்ள குழந்தைகள் வார்டில், ஒவ்வொரு டோஸும் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டுக் கொடுக்கும் இடத்தில், ஆறு மாதம் ஒரு பதிவும் இல்லை என்றால் தவறே நடக்கவில்லை என்று பொருளில்லை. யாரும் வாய் திறக்கவில்லை என்று பொருள். ஏன் திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஏழு மாதத்துக்கு முன் ஒரு சிஸ்டர் தானாக வந்து, பாராசிட்டமால் ஊசியை இரண்டு தடவை கொடுக்கப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் கைக்கு மெமோ வந்தது: ‘கவனக்குறைவுக்கு விளக்கம் அளிக்கவும்.’ அத்தோடு கதவு சாத்தியாயிற்று.

என் தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் தரையைக் கூட்டி, அந்தத் தூசியை எடை போட்டு நோட்டில் எழுதுவார். அராவும்போது எந்த இடத்தில் எவ்வளவு வெள்ளி சிந்துகிறது என்று தெரிய அதைவிட்டால் வழியில்லை. தூசி அதிகமாயிருந்தது என்று ஆளைத் திட்டினால் மறுநாள் அவன் தூசியைக் காலால் தள்ளிவிடுவான், நோட்டில் சேதாரம் குறைந்துவிடும் என்பார்.

இந்தத் தடவை மெமோ போகாமல் இருக்க, குழந்தைகள் டாக்டரும் நானும் காலை எட்டு மணிக்கே நிர்வாகத்திடம் பேசினோம். பெரிய தத்துவமெல்லாம் பேசவில்லை. ரிப்போர்ட் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் மாற்றிக் கேட்டோம். விமானத் துறையில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் மயிரிழைத் தப்பல்களை எழுதி அனுப்புவது, லைசென்ஸில் கை வைக்கும் அதிகாரமுள்ள எஃப்.ஏ.ஏ.வுக்கு அல்ல, நாசாவுக்கு. நாசா பெயர் முதலான அடையாளங்களை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தரும். தண்டிக்க அதிகாரம் உள்ளவரிடம் யாரும் தன் தவறைச் சொல்ல மாட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு. எங்கள் ஊர் அளவில் அது இப்படி ஆனது: ரிப்போர்ட் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேஜைக்குப் போகாது, என்னிடம் வரும். நான் யாருக்கும் இன்கிரிமென்ட் போடுபவனும் இல்லை, வெட்டுபவனும் இல்லை.

அந்தச் சிஸ்டர் முதலில் எழுதிய வாசகம் இது: ‘என் கவனக்குறைவால் தவறான வயலை எடுத்துவிட்டேன், இனி இப்படி நடக்காது.’ பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் இப்படித்தான் வரும். இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்த வயல், யார் கொடுத்தது, எதைப் பார்த்து அளந்தார், எப்படிக் கண்டுபிடித்தார், ஒன்றுமே கிடையாது. மன்னிப்புக் கடிதம் அது. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, ‘ஏன் பார்க்கவில்லை?’ என்று கேட்காமல், ‘இழுக்கும்போது எது சரியாகத் தெரிந்தது?’ என்று கேட்டேன். இந்த ஒரு கேள்விக்கு அவர் பத்து நிமிடம் பேசினார். பிளாஸ்டரைச் சொன்னார், மீதி நின்ற சொட்டைச் சொன்னார், ட்ரேயில் அமிகாசின் வயலுக்கு எப்போதும் ஒரே குழிதான் என்றார். குழந்தைகள் வார்டில் 500 மி.கி. வயலைத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். அப்புறம் எழுதியது வேறு மாதிரி இருந்தது:

‘இரவு 10.10. ஆர்டர் 90 மி.கி. கட்டிலில் 1.8 மிலி என்ற குறிப்பு. வயல் 500 மி.கி./2 மி.லி., ஃபார்மசியிலிருந்து மாலை 6 மணிக்கு வந்தது, இன்டென்ட்டில் அளவு இல்லை. 1.8 மிலி இழுக்கப்பட்டது. இரண்டாவது சிஸ்டர் வேறு அறையில். குழந்தையின் தாய் மூடியின் நிறம் மாறியதைச் சொன்னதால் நிறுத்தப்பட்டது. மருந்து ஏற்றப்படவில்லை.’

ஆள் பெயர் இல்லை, பெயரடை இல்லை. இரண்டு வயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றை இணைத்தோம். ‘இழுக்கப்பட்டது’ என்று எழுதுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று ஒரு டாக்டர் முனகினார். இந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் அது பரவாயில்லை என்பது என் எண்ணம்.

பழி வேண்டாம் என்றால் எதற்குமே பழி இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது: அதே படிப்பும் அனுபவமும் உள்ள இன்னொருவரை அதே இடத்தில் நிறுத்தினால் அவரும் இதையே செய்திருப்பாரா? நாங்கள் அதைச் செய்தே பார்த்தோம். மறுநாள் பகலில், அதே பிளாஸ்டர், அதே ட்ரே, 500 மி.கி. வயல் ஒன்று, விஷயம் தெரியாத ஐந்து சிஸ்டர்கள். வார்டிலிருந்து தள்ளி, குழந்தை யாரும் இல்லாத அறையில். மூன்று பேர் 1.8 இழுத்தார்கள். அதில் ஒருவர் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர். ஆளை மாற்றினாலும் பிழை மாறாது என்றால் குற்றம் ஆளிடம் இல்லை. மாறாக, ஒருவர் தவறு தெரிந்தபின் கேஸ் ஷீட்டைத் திருத்தியிருந்தால், அல்லது இரண்டாவது ஆள் பார்க்காமலே அவர் கையெழுத்தைப் போட்டிருந்தால் கதை வேறு. அதற்கு மெமோ போகத்தான் வேண்டும்.

சரி, என்ன மாற்றினோம். ‘அனைவரும் வயலைக் கவனமாகப் பார்க்கவும்’ என்ற சர்க்குலர் முதலில் தயாரானது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுவரில் ஏற்கெனவே பதினோரு சர்க்குலர் இருக்கிறது. ஞாபகத்தை நம்பும் மாற்றம் இரண்டு வாரம் தாங்கும். கைக்கே எட்டாமல் செய்யும் மாற்றம்தான் நிற்கும். ஆகவே 500 மி.கி. வயலைக் குழந்தைகள் வார்டுக்கு ஃபார்மசி கொடுக்கவே கூடாது என்று கம்ப்யூட்டரிலேயே அடைத்தோம். பெரியவர்களுக்குத்தான் அது வேண்டும், ஐம்பது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கே 750 மி.கி. தேவைப்படும். 100 தீர்ந்தால் 250 போகும், ஆனால் ஃபார்மசி போன் செய்து சொல்லி, வயலில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித்தான் போகும். இது முழுப் பாதுகாப்பு அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். 250 மி.கி. வயலும் 2 மில்லிதான், அதில் 1.8 இழுத்தால் 225 மி.கி., இரண்டரை மடங்கு.

அடுத்தது பிளாஸ்டர். மில்லியை எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பதை நிறுத்தினோம். மி.கி. என்பது குழந்தைக்கு உரிய எண், அது மாறாது. மில்லி என்பது கையில் இருக்கும் வயலுக்கு உரிய எண், வயல் மாறினால் அதுவும் மாறும். ஷிப்ட் மாறும்போது மி.கி.யைச் சொல்லலாம், மில்லியை ஒவ்வொரு தடவையும் வயலைப் பார்த்துத்தான் போட வேண்டும். சிஸ்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. ‘இருபத்திரண்டு குழந்தைக்கு ராத்திரி பத்து மணிக்குக் கணக்கு வாத்தியார் வேலையா?’ என்றார் ஒருவர். அதில் உண்மை இருக்கிறது. அதனால் எல்லா மருந்துக்கும் என்று வைக்காமல், அமிகாசின், ஜென்டாமைசின், பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின் என ஒரு சின்னப் பட்டியலுக்கு மட்டும் இரண்டு பேர் சரிபார்ப்பு என்று வைத்தோம்.

அந்தச் சரிபார்ப்பு எப்படி என்பதில்தான் அதிக நேரம் போனது. முன்பு பெரும்பாலும் நடந்தது இது: முதல் சிஸ்டர் சிரிஞ்சை நீட்டி, “அமிகாசின் 1.8, சரிதானே?” என்பார். இரண்டாமவர் சிரிஞ்சைப் பார்ப்பார், 1.8 இருக்கும், தலையாட்டுவார். விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் அது சரிபார்ப்பு இல்லை. அன்றிரவு இரண்டாமவர் கட்டிலருகே இருந்திருந்தாலும் இந்த முறையில் பிழை தப்பிப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது இரண்டாமவரிடம் கேஸ் ஷீட்டும் உடைக்காத வயலும் மட்டும் போகும். அவர் தன் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி, பிறகுதான் இருவரும் எண்ணை வெளியே சொல்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக டாக்டர்.

அந்த அம்மாவிடம் குழந்தைகள் டாக்டரே நேரில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார், அவர் கேட்டதால்தான் நின்றது என்பதையும் சேர்த்து. சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்த பிறகுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “உள்ளே போகலைதானுங்களே?” போகவில்லை என்றதும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மருந்து ஏற்றும் முன் வயலைத் தாயிடம் காட்டி, ‘நேத்துப் பார்த்ததுதானே?’ என்று கேட்கும் பழக்கம் சில சிஸ்டர்களிடம் தானாகவே வந்திருக்கிறது. நாங்கள் அதை விதியாக்கவில்லை. பிழையைப் பிடிக்கும் வேலையைத் தாயின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாற்றம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அமிகாசினில் மறுபடி பிழை வரவில்லை என்பதை நான் சான்றாக எடுப்பதில்லை. ஆறு மாதம் காலியாக இருந்த பதிவேட்டைப் பார்த்தவன் நான். ரிப்போர்ட் வருகிறதா என்று பார்க்கிறேன். அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்பது வந்தன. நிர்வாகத்தில் ஒருவர், ‘தவறு கூடிவிட்டதே’ என்று பதறினார். அதில் நான்கு, கட்டில்களில் இன்னும் ஒட்டியிருந்த மில்லி பிளாஸ்டர்கள் பற்றியவை, சிஸ்டர்கள் தாங்களே உரித்து ரிப்போர்ட்டின் பின்னால் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

ஒன்பதாவது ரிப்போர்ட் இப்போது என் மேஜையில் இருக்கிறது. ஃபார்மசியில் 100, 250 இரண்டுமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு குழந்தையின் அப்பாவிடம் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில் ‘அமிகாசின் வயல் – 1’. ஐந்து ரோடு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பிலிருந்து அவர் வாங்கி வந்தது 500 மி.கி. எங்கள் கம்ப்யூட்டர் அடைப்பும் மஞ்சள் ஸ்டிக்கரும் அந்தக் கடைக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கும் 90 மி.கி.தான். இரண்டாவது சிஸ்டர் கணக்கில் 0.36 வந்து, முதலாமவருக்கு 1.8 வந்து, மருந்து நின்றிருக்கிறது. வெளிச்சீட்டில் மி.கி.யை முன்கூட்டியே அச்சடித்து வைக்கலாமா என்று எழுதிய சிஸ்டரே கீழே கேட்டிருக்கிறார். அச்சகத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன்.